வயிறு ஒத்துழைக்காதவர் விருந்தாளியாகப் போகும்போது: தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளுக்கு முன்கூட்டி அனுப்பும் செய்தி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பென்னாகரம், பாலக்கோடு, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கள ஆய்வுக்கும் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வருகிறவர்களுக்குத் தங்க வீடு பேசிக் கொடுப்பது என் வேலை. லாட்ஜ் இல்லை, குடும்பங்கள் வாழும் வீடுகள்தான். வருகிறவர்களில் வயிற்றுத் தொந்தரவு உள்ளவர்கள் நிறையப் பேர் என்னிடம் கேட்டதும், அவர்களுக்குச் சோறு போடும் வீட்டார் கேட்டதும் கீழே இருக்கின்றன.

வீட்டுக்காரங்களுக்கு எப்போ சொல்றது? போய் இறங்கினதும் நேர்ல சொன்னா மரியாதையா இருக்காதா?

இறங்கும்போது குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். விருந்தாளி வருகிறார் என்று காலையிலிருந்து அரைத்து வைத்த மசாலா அதில் இருக்கும். அந்த நேரத்தில் "எனக்கு இது சேராதுங்க" என்றால் அந்த அம்மா முகம் வாடத்தான் செய்யும். அதைப் பார்த்த பிறகு நீங்களும் சாப்பிடாமல் இருக்க மாட்டீர்கள், ராத்திரி அவஸ்தைப்படுவீர்கள்.

ஒரு மாதம் முன்பே சொன்னால் மறந்துபோகும். போவதற்கு மூன்று நான்கு நாள் முன்பு சரியாக இருக்கும். அந்த ஊரின் வாரச்சந்தை எந்தக் கிழமை என்று தெரிந்தால் அதற்கு முந்தின நாள் அனுப்புங்கள். சுரைக்காயும் பாசிப்பருப்பும் வாங்க வேண்டுமென்றால் வாங்கிவிடுவார்கள்.

யாருக்கு அனுப்புகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். உங்களிடம் இருக்கும் நம்பர் பெரும்பாலும் அந்த வீட்டு அண்ணனுடையதோ பையனுடையதோ. "சாப்பாடு சிம்பிளா போதுமாம்" என்ற ஒரே வரியாகச் சுருங்கித்தான் அது அடுப்படிக்குப் போய்ச் சேரும். சமைப்பது அம்மாவோ மருமகளோ, அவர் காதில் நேராக விழ வேண்டும். எழுத்தைவிட வாய்ஸ் மெசேஜ் நல்லது. "அம்மாகிட்ட போட்டுக் காட்டுங்கண்ணா" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

"காரம் கம்மியா போடுங்க"ன்னு மட்டும் சொன்னா போதாதா?

போதாது. இந்தப் பக்கம் காரம் கம்மி என்றால் பத்து மிளகாய்க்குப் பதில் ஆறு. அவர்கள் நாக்குக்கு அது சப்பென்றுதான் இருக்கும், உங்களுக்காக விட்டுக்கொடுத்ததாகவே நினைப்பார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல், வயிற்றைக் கெடுப்பது பல பேருக்கு மிளகாய் மட்டும் இல்லை. ஐ.பி.எஸ். என்று டாக்டர்கள் சொல்லும் எரிச்சல் கொண்ட குடல் உள்ளவர்களுக்கு வெங்காயமும் பூண்டும் மிளகாயைவிட அதிகமாகத் தொந்தரவு கொடுப்பதுண்டு. "வயிறு சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் நம் வீடுகளில் முதலில் ஏறுவது எது? பூண்டு தட்டிப்போட்ட மிளகு ரசம். வயிற்றுக்கு நல்லது என்று அக்கறையோடு வைப்பார்கள். எது சேராது என்று பெயர் சொல்லாமல் விட்டால் அந்த அக்கறையே உங்களைப் படுக்க வைத்துவிடும்.

அப்போ என்னதான் எழுதணும்? ஒரு மாதிரி குடுங்களேன்.

சென்னையிலிருந்து பாலக்கோட்டுப் பக்கம் ஒரு கிராமத்துக்குத் தோழி வீட்டு விசேஷத்துக்கு வந்த ஒரு பெண்ணின் செய்தியையே எடுத்துக்கொள்கிறேன். முதலில் அவர் எழுதி என்னிடம் காட்டியது இது:

"வணக்கம். எனக்கு ஐ.பி.எஸ். பிரச்சினை இருப்பதால் காரம், எண்ணெய், மசாலா, பால், கிழங்கு, பருப்பு, வெங்காயம், பூண்டு, கோதுமை சேராது. சிம்பிளான சாப்பாடு போதும். எனக்காகச் சிரமப்பட வேண்டாம்."

இதைப் படிக்கிற அம்மாவுக்கு எதைச் சமைக்கக் கூடாது என்பது தெரியும். எதைச் சமைப்பது என்பது தெரியாது. ஐ.பி.எஸ். என்றால் என்னவோ பெரிய நோய் என்று பயம் வேறு. கடைசியில் "சிரமப்பட வேண்டாம்" என்று முடித்திருப்பதால், இது மரியாதைக்குச் சொல்வது என்று எடுத்துக்கொண்டு வடை பாயசத்தோடு விருந்தே வைப்பார்கள்.

அந்தப் பெண்ணிடம் உட்கார்ந்து கேட்டபோது, அந்தப் பட்டியலில் பாதி இன்டர்நெட்டில் படித்து பயந்து சேர்த்தது என்று தெரிந்தது. உண்மையில் அவருக்கு ஒவ்வொரு தடவையும் தொந்தரவு தந்தது நான்குதான்: வெங்காயம், பூண்டு, மிளகாய், பால். அதை வைத்து மாற்றி எழுதியது இது. வாய்ஸ் மெசேஜாகத்தான் போனது:

"அம்மா, நல்லா இருக்கீங்களா? நான் உங்க பொண்ணுகூட காலேஜ்ல படிச்சவம்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துடுவேன், ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கிளம்புவேன். ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குக் குடல் கொஞ்சம் வீக்கும்மா. ஒட்டற வியாதி எல்லாம் இல்ல. வெங்காயம், பூண்டு, மிளகாய் உள்ள போச்சுன்னா ராத்திரியே வயிறு உப்பி வலிக்கும், காலையில நாலஞ்சு தடவை போக வேண்டி வரும். பாலும் சேராது. தயிர், மோர் சேரும். முட்டை, கறி எல்லாம் சாப்பிடறவதான், மசாலாதான் ஆகாது.

நீங்க வீட்டுக்கு எப்பவும் செய்யறதையே செய்யுங்க. எனக்குன்னு தனியா அடுப்பு வேணாம். பருப்பு வெந்ததும் தாளிக்கறதுக்கு முன்னாடி ஒரு கரண்டி எடுத்து வெச்சுடுங்க, உப்பும் மஞ்சளும் இருந்தா போதும். காயும் அப்படித்தான், சுரைக்காயோ பீர்க்கங்காயோ எதுவானாலும் சரி. சோறு கொஞ்சம் குழைவா, கூட மோர். காலையில ரெண்டு மூணு இட்லி, தொட்டுக்க நெய் ஒரு ஸ்பூன். பூண்டு ரசம் கூட வேணாம்மா, சீரகத் தண்ணி போதும். களி ஒரு சின்ன உருண்டை கண்டிப்பா சாப்பிடுவேன், உங்க பொண்ணு அவ்வளவு சொல்லியிருக்கா."

இதில் வேலை செய்யும் வரி "தாளிக்கறதுக்கு முன்னாடி எடுத்து வெச்சுடுங்க" என்பதுதான். கூட்டுக்குடும்பத்தில் எட்டுப் பேருக்குச் சமைக்கிறவரிடம் தனிச் சமையல் கேட்பது நியாயமில்லை. ஆனால் எல்லா வீட்டிலும் பருப்பும் காயும் ஏதோ ஒரு கட்டத்தில் வெறும் உப்பு மஞ்சளோடு பாத்திரத்தில் வெந்து நிற்கும். அந்தக் கட்டத்தில் ஒரு கரண்டி எடுத்து மூடி வைப்பது அரை நிமிட வேலை. வேகும்போதே வெங்காயமும் பச்சை மிளகாயும் போடும் பழக்கம் உள்ள வீடுகளும் உண்டு. உங்கள் செய்தியைக் கேட்டபின் அதைத் தாளிப்புக்குத் தள்ளிவிடுவார்கள்.

"ராத்திரியே உப்பி வலிக்கும்" என்று விளைவைச் சொன்னதும் காரணமாகத்தான். நோயின் பெயரைச் சொன்னால் யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. என்ன ஆகும் என்று சொன்னால் எந்த அம்மாவும் ரிஸ்க் எடுக்க மாட்டார். பூண்டு ரசம் பற்றிய வரியைக் கடைசியில் நான்தான் சேர்க்கச் சொன்னேன். அப்படியும் முதல் நாள் ராத்திரி அந்த வீட்டில் பூண்டு ரசம் வைத்திருந்தார்கள், அவருக்கு ஊற்றவில்லை என்பதுதான் வித்தியாசம்.

முட்டை, கறி சாப்பிடுவேன்னு அதுல எதுக்கு?

வெங்காயம் பூண்டு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் கேட்கிறவர் மனதில் முதலில் எழுவது "இவங்க என்ன ஆளுங்களோ" என்ற கேள்வி. நம் ஊரில் ஒரு வீட்டில் சாப்பிட மறுப்பதற்கு வயிறு காரணமாக இருப்பதைவிடச் சாதி காரணமாக இருந்ததே அதிகம், அதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதனால் உங்கள் விலக்கு உடம்புக்கானது, வழக்கத்துக்கானது இல்லை என்பது கேட்ட உடனே புரிய வேண்டும். அசைவம் சாப்பிடுகிறவராக இருந்தால் அதைச் சொல்லுங்கள். சைவம் என்றால் "வீட்டுல எல்லாரும் வெங்காயம் பூண்டு சாப்பிடுவாங்க, எனக்கு மட்டும்தான் ஆகல" என்று ஒரு வரி போதும்.

இதே காரணத்துக்காக, சொந்தமாக டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டு போகாதீர்கள். எவ்வளவு எளிமையாக இருந்தாலும் அந்த வீட்டு அடுப்பில் வெந்தது உங்கள் தட்டில் இருக்க வேண்டும். போனவுடன் சொம்பில் தண்ணீர் கொடுத்தால் வாங்கி ஒரு வாய் குடியுங்கள்.

குழம்புல இருக்கற வெங்காயத்தை மட்டும் ஒதுக்கி வெச்சுட்டு சாப்பிட்டா ஆகாதா? நான் அப்படித்தான் செய்யறேன், ஆனாலும் வலிக்குது.

வலிக்கத்தான் செய்யும். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான் என்ற மாவுச்சத்து வகைதான் தொந்தரவு. மனிதக் குடலில் அதைச் செரிக்கும் நொதி கிடையாது. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவால் நொதித்து வாயுவாகிறது. குடல் நிதானமாக இருப்பவர்கள் இதை உணர்வதே இல்லை, எரிச்சல் கொண்ட குடலுக்கு அந்த உப்பல் வலியாகத் தெரிகிறது.

ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. குழம்பு, சாம்பார், ரசம் என்று தண்ணீரில் கொதித்த எதிலும் அது சாறோடு கலந்துவிடும். துண்டை ஒதுக்கினாலும் சாறு உள்ளே போகிறது. வெறும் எண்ணெயில் ரெண்டு பல் பூண்டைப் பொன்னிறமாக வறுத்து, பூண்டை எடுத்துப் போட்டுவிட்டு, அந்த எண்ணெயில் கடுகு சீரகம் தாளித்துப் பருப்பில் கொட்டினால் வாசனை வரும், வயிற்றுக்குத் தொந்தரவு பெரும்பாலும் வராது. உப்புச்சப்பில்லாமல் சாப்பிடுகிறாரே என்று வருத்தப்படும் வீட்டு அம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், ரொம்ப சந்தோஷப்படுவார்.

பெருங்காயம் பயன்படுத்தலாம். ஆனால் கடையில் கிடைக்கும் கட்டி, தூள் பெருங்காயம் பலவற்றில் மைதா கலந்திருக்கும். கோதுமைப் புரதமே கூடாத சீலியாக் நோய் உள்ளவர்கள் மட்டும் டப்பாவைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

களி சாப்பிடலாமா? சாப்பிடலன்னா கோச்சுக்குவாங்களா?

களி இல்லாமல் இந்தப் பக்கம் வந்ததாகவே கணக்கில்லை. அரிசி நொய்யை வேகவிட்டு, ராகி மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி தட்டாமல் கிண்டி, ஈரக்கையால் உருட்டி வைப்பார்கள். மெல்லாமல் குழம்பில் தோய்த்து விழுங்குவதுதான் வழக்கம். உள்ளூர்க்காரர் உருண்டை தேங்காய் அளவு இருக்கும், பார்த்து பயந்துவிடாதீர்கள்.

ராகியில் குளூட்டன் இல்லை. நார்ச்சத்து உண்டு. தினம் வெள்ளைச் சோறு மட்டும் சாப்பிட்டுப் பழகிய குடலுக்குத் திடீரென்று முழு உருண்டை போனால் கனமாக இருக்கும், சிலருக்கு மலம் கட்டும். எலுமிச்சை அளவு எடுத்து மதியத்தில் சாப்பிடுங்கள், ராத்திரி வேண்டாம். தோய்த்துக்கொள்ளத் தாளிக்காத பருப்போ மோரோ வைத்துக்கொள்ளுங்கள். களி பெரும்பாலும் ஆகும், அதனுடன் வரும் காரக் குழம்பும் கருவாட்டுக் குழம்பும்தான் ஆகாது. இன்னொரு உருண்டை வைக்க வந்தால் "ராத்திரி பாத்துட்டு நாளைக்குச் சாப்பிடறேம்மா" என்று சொல்லிவிடலாம், உண்மையும் அதுதான்.

பருப்பு சேரும்னு எழுதிட்டேன். கொள்ளும் அவரையுமா போட்டுத் தள்றாங்க.

"பாசிப்பருப்பு" என்று பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். இங்கே பருப்பு என்றால் கொள்ளுக் கடைசல், தட்டைப்பயறு, மார்கழி தையில் பச்சை அவரை, மொச்சையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்துச் செய்யும் பிதுக்குப் பருப்புக் குழம்பு எல்லாமே அடக்கம். தோலை எடுத்துவிட்டதால் வாயு இருக்காது என்பார்கள். வாயு தரும் சர்க்கரை தோலில் மட்டும் இல்லை, பருப்புக்குள்ளும் இருக்கிறது. ஊறவைத்த தண்ணீரைக் கொட்டினால் கொஞ்சம் குறையும், முழுதாகப் போகாது. பிதுக்குப் பருப்பை ஒரு ஸ்பூன் ருசி பாருங்கள், இதை விட்டுப் போவது பாவம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எனக்காகக் கோழி அடிச்சுடுவாங்களோன்னு பயமா இருக்கு.

அடிப்பார்கள். கோழி அடித்த பிறகு சாப்பிட மாட்டேன் என்று சொல்வது ரொம்பக் கஷ்டம், எனவே செய்தியிலேயே சொல்லிவிடுவது உத்தமம்: "கோழி அடிச்சீங்கன்னா எனக்கு ரெண்டு துண்டு மட்டும் மஞ்சள், உப்பு போட்டு வேகவெச்சு எடுத்து வெச்சுடுங்க, மிச்சத்துக்கு மசாலா போட்டுக்குங்க." நாட்டுக்கோழி வேக நேரமெடுக்கும், அரைகுறையாக வெந்தால் யாருக்கும் செரிக்காது. அந்த வேகவைத்த தண்ணீரில் உப்பும் துளி மிளகும் போட்டுச் சூடாகக் குடித்தால் அதுவே சாப்பாட்டுக்குச் சமம். மிளகும் ஆகாதவர்கள் உப்போடு நிறுத்தலாம். ஒகேனக்கல் ஆற்றோரத்தில் மிளகாய்த்தூள் தடவிப் பொரிக்கும் மீனுக்கு மட்டும் இப்படி வழி கிடையாது. அதைப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.

அங்க தண்ணி ஒத்துக்குமா? ஃப்ளோரைடுன்னு சொல்றாங்களே.

ரெண்டும் வேறு வேறு விஷயம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பைத் தாண்டியிருந்தது உண்மை. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து, 2013-இல் தொடங்கிவைத்தார்கள். பல்லில் பழுப்புக் கறை, எலும்பு இறுக்கம் எல்லாம் வருடக்கணக்கில், அதுவும் சின்ன வயதிலிருந்து குடித்தால் வருவது. மூன்று நாள் தங்குகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் வயிற்றைப் பாதிப்பது போர் தண்ணீரின் உப்பும் கிருமியும். மெக்னீசியமும் சல்பேட்டும் அதிகமுள்ள தண்ணீர் பழக்கமில்லாதவர்களுக்குப் பேதியாக்கும். "உப்புத் தண்ணி", "ஆத்துத் தண்ணி" என்று வீட்டாரே பிரித்துச் சொல்வார்கள். குடிக்க ஆற்றுத் தண்ணீரை, அதாவது ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரைக் கேளுங்கள். அதையும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். "சீரகம் போட்டுக் காய்ச்சின தண்ணி" என்று கேட்டால் மறுபேச்சில்லாமல் கிடைக்கும், ஏனென்றால் அது வீட்டு வைத்தியம். கேன் தண்ணீர் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை, வீட்டுக்குள் எல்லோர் முன்பும் அதை மட்டுமே குடித்துக்கொண்டிருக்காதீர்கள்.

டீ வேண்டாம்னு சொன்னா விடமாட்டாங்களே?

"பால் இல்லாம கடுங்காப்பி குடுங்க" என்று மாற்றிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் மூன்று தடவை உபசரிப்பார்கள், வேறொன்று கேட்டால் உடனே வரும். வெறும் வயிற்றில் மட்டும் குடிக்காதீர்கள்.

ஜூன்ல போறேன். மாம்பழ சீசன்.

கிருஷ்ணகிரி வீடுகளில் அந்த மாதங்களில் கட்டிலுக்கடியில் மாம்பழம் கிடக்கும். செந்தூரா, அல்போன்சா, பங்கனப்பள்ளி என்று வெட்டித் தட்டு நிறைய வைப்பார்கள். மாம்பழத்தில் ஃப்ரக்டோஸ் அதிகம், குளுக்கோஸ் அதற்கு ஈடாக இல்லை. அந்த மிச்சம் சரியாக உறிஞ்சப்படாமல் வாயுவும் பேதியும் தரும். ஒரு நேரத்துக்கு ரெண்டு சின்னக் கீற்று, சாப்பாட்டுக்குப் பிறகு. ஒரு முழுப்பழம் வேண்டாம், மாம்பழ ஜூஸ் வேண்டவே வேண்டாம். பழம் கேட்டே ஆகவேண்டுமென்றால் அதிகம் கனியாத வாழைப்பழம் பலருக்கு ஒத்துக்கொள்கிறது.

ஓசூர், தளி பக்கம் போறேன். அவங்க வீட்டுல தெலுங்கு பேசறாங்க. தமிழ்ல சொன்னா புரியுமா?

புரியும். அங்கே தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாக உள்ளவர்கள் தமிழும் பேசுவார்கள், ஆனால் தமிழ் வாசிக்க எல்லோருக்கும் வரும் என்று சொல்ல முடியாது. வயதான அம்மாக்கள் என்றால் எழுத்தே வேண்டாம், போன் பண்ணிப் பேசுங்கள்.

நான் வீட்டுக்காரங்க பக்கம். இந்த மாதிரி மெசேஜ் வந்திருக்கு. பயந்துகிட்டே சமைக்க வேண்டியிருக்கு. என்ன செய்யட்டும் சொல்லுங்க.

அக்கா, பயப்பட ஒன்றுமே இல்லை. மதியத்துக்கு ஒரு கைப்பிடி பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர், மஞ்சள், கால் ஸ்பூன் சீரகம் போட்டு மசிய வேகவையுங்கள். இறக்கும்போது உப்பு. சுரைக்காயோ பீர்க்கங்காயோ தோல் சீவிப் பொடியாக நறுக்கி, அதே பருப்பிலேயே போட்டுவிட்டால் கூட்டாகிவிடும். ஒரு ஆளுக்கு ஒரு நேரத்துக்கு அது ரெண்டு கரண்டி வரும், அதற்குமேல் பருப்பு வேண்டாம். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர் தவிருங்கள்.

சோறு வடிக்கிற வீடென்றால் வடிகஞ்சியைக் கொட்டாதீர்கள். இளஞ்சூட்டில் உப்புப் போட்டுக் கொடுத்தால் வயிறு கலங்கியவர்களுக்கு அதைவிட நல்லது கிடையாது. மோர் நீர்க்க இருக்கட்டும், பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் மிதக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனமாக இருக்க வேண்டும். காலையில் வடித்த சோற்றை வெளியில் அப்படியே வைத்திருந்து ராத்திரி போடாதீர்கள். சோற்றில் உயிர் தப்பி இருக்கும் ஒரு வகைக் கிருமி, அறைச் சூட்டில் மணிக்கணக்கில் இருக்கும்போது நஞ்சை உண்டாக்குகிறது, திரும்பச் சூடு செய்தாலும் அந்த நஞ்சு போகாது. உங்களுக்கு ஒன்றும் செய்யாத அந்தச் சோறு இவர்களுக்குச் செய்யலாம். ராத்திரிக்கு ஒரு டம்ளர் அரிசி புதிதாக வையுங்கள், இல்லையென்றால் இட்லி ஊற்றிவிடுங்கள். பழைய சோறும் இவர்களுக்கு வேண்டாம்.

அப்புறம், வெங்காயம் வதக்கிய கரண்டியை அப்படியே இவர்கள் பருப்பில் விடாதீர்கள். அதற்காகப் பாத்திரம் எல்லாம் தனியாக வைக்க வேண்டியதில்லை, இது அலர்ஜி இல்லை. வேர்க்கடலையோ மீனோ அலர்ஜி என்று எழுதியிருந்தால் கதை வேறு, அங்கே கரண்டி கூடப் படக்கூடாது. சந்தேகம் இருந்தால் போன் பண்ணி "இது ஒத்துக்காததா, அலர்ஜியா?" என்று கேட்டுவிடுங்கள்.

"போதும்"னு சொன்னாலும் போட்டுட்டே இருக்காங்க. எப்படித் தடுக்கறது?

வாயால் தடுக்க முடியாது. முதலில் பாதிதான் போடச் சொல்லுங்கள், பிறகு ஒரு கரண்டி நீங்களாகக் கேட்டு வாங்குங்கள். கேட்டு வாங்கிச் சாப்பிட்ட விருந்தாளியை மேற்கொண்டு யாரும் வற்புறுத்துவதில்லை. தட்டின் மேல் ரெண்டு கையையும் விரித்து மூடுவது கடைசி ஆயுதம்.

எல்லாம் சொல்லியும் ஏதோ சாப்பிட்டுட்டேன். ராத்திரி ரெண்டு மணி, வயிறு பிசையுது. வீட்டுல எல்லாரும் தூங்கறாங்க.

கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருக்கும் வீடுகள் நிறைய. வழி, சுவிட்ச், நாய் எங்கே கட்டியிருக்கிறது என்பதையெல்லாம் படுக்கும் முன்பே பார்த்து வையுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், அந்த நேரத்தில் தெரியாது.

பேதி ஆனால் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைத்துச் சிறுகச் சிறுகக் குடியுங்கள். பாக்கெட் இல்லையென்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். உப்பு கூடிவிடக் கூடாது. வழக்கமான உங்கள் வலி என்றால் வெந்நீர் ஒத்தடமும் நேரமும் போதும், காலையில் வடிகஞ்சி.

வீட்டாரை எழுப்பியே ஆகவேண்டிய நேரங்கள் உண்டு: மலத்தில் ரத்தம், காய்ச்சல், குடித்த தண்ணீர்கூட நிற்காத வாந்தி, சிறுநீர் வராமல் தலைசுற்றல், ஒரே இடத்தில் குத்தும் வலி. இவை எரிச்சல் கொண்ட குடலின் அறிகுறிகள் இல்லை. 108-க்குக் கூப்பிடுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்திருங்கள்.

காலையில் "என்ன சாப்பிட்டதால ஆச்சு?" என்று அந்த அம்மா கேட்பார். "நேத்து வழியில ஏதோ சாப்பிட்டேன்" என்று பொய் சொல்லாதீர்கள். எது என்று தெரிந்தால் சொல்லுங்கள், அடுத்த வேளை அது வராது.

கிளம்பும்போது ஒப்பட்டு கட்டிக் குடுத்துட்டாங்க. மைதா, கடலைப்பருப்பு, ரெண்டுமே ஆகாது எனக்கு.

வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்களுக்கு மட்டும் கட்டியது இல்லை, உங்கள் வீட்டுக்குக் கட்டியது. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணி, யார் யார் சாப்பிட்டார்கள் என்று சொல்லுங்கள்.